ஊறுகாய் ஜாடியில் வெள்ளை: உப்பா, ஆடையா, பூசணமா?

கார்த்திகை முதல் வாரத்தில் ஒரு ஜாடி ஊறுகாயைக் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தேன். இரண்டரைக் கிலோ மாங்காய்த் துண்டு, முக்கால் லிட்டர் நல்லெண்ணெய். அதே நாளில், அதே கையால், அதே பொடியைப் போட்டுக் கிளறிய இன்னொரு ஜாடி இன்னும் நன்றாக இருக்கிறது. ஒன்று ஏன் கெட்டது, மற்றது ஏன் கெடவில்லை, கெட்டதை நான் ஏன் மூன்று வாரம் தாமதமாகக் கண்டுபிடித்தேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆயா வீடு. அம்மாவைப் பெற்றவர். வைகாசியில் சந்தையிலிருந்து ஆறு கிலோ மாங்காய் வாங்கிக்கொண்டு அங்கே போனேன். கிலோ 50 ரூபாய். ஓடு முற்றிய, கை வைத்தால் கல்லு மாதிரி இருக்கும் காய்கள். கழுவித் துடைத்து இரவு முழுக்க வேட்டித் துணியில் பரப்பிக் காற்றாட விட்டோம். மறுநாள் ஓட்டோடு வெட்டி, உள்ளே இருக்கும் பருப்பையும் அதை ஒட்டிய தோலையும் எடுத்துப் போட்ட பிறகு ஐந்து கிலோ தேறியது. எண்ணெய் ஒன்றரை லிட்டர் 570 ரூபாய், மிளகாய்ப்பொடி, கடுகு, வெந்தயம், மஞ்சள், பெருங்காயம் எல்லாம் சேர்த்து 330. மொத்தம் 1,200 ரூபாய்.

உப்பு எவ்வளவு என்று கேட்டேன். "அஞ்சு கிலோவுக்கு நாலு ஆழாக்கு போடு ஆத்தா" என்றார் ஆயா. அடுப்படியில் இருந்த கல் உப்பை ஆழாக்கில் தலை தட்டி நான்கு முறை அளந்து போட்டேன். இந்த வரியை நினைவில் வையுங்கள், பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

இரண்டு ஜாடிகளில் சரிபாதியாகப் பிரித்தோம். ஒன்று உயரமானது, உள்விட்டம் ஐந்தரை அங்குலம். மற்றது குட்டையாக அகன்றது, எட்டு அங்குலம். ஜாடிக்கு முக்கால் லிட்டர் எண்ணெய். மூன்று நாள் வளவு முற்றத்து வெயிலில் வைத்து, வாயில் வெள்ளைத் துணி வேடு கட்டினோம். உயரமான ஜாடி இரண்டாங்கட்டில் இருட்டறைக்குப் போனது. அகலமான ஜாடியைத் தினப்படிப் புழக்கத்துக்கு என்று நான் காரைக்குடிக்கு எடுத்து வந்தேன்.

புரட்டாசியில் ஆயா போன் செய்தார். உயரமான ஜாடியின் கழுத்தில் வெள்ளை கண்டிருக்கிறது, வந்து பார் என்றார். போய்ப் பார்த்தபோது ஜாடியின் உட்புறக் கழுத்திலும் வேடு கட்டிய துணியின் ஓரத்திலும் வெள்ளைப் பொருக்கு. எனக்கு மனசு விட்டுப்போனது. ஆயா பதறவில்லை. அவருக்கு எதையும் மொத்தமாகத் தொடுவதற்கு முன்னால் கொஞ்சமாக எடுத்துப் பார்க்கிற பழக்கம் உண்டு. காலைப் பால் மாலையில் திரியுமோ என்று சந்தேகம் வந்தால் பாத்திரத்தோடு அடுப்பில் ஏற்றமாட்டார். ஒரு குழிக்கரண்டிப் பாலை மட்டும் நெருப்பில் காட்டுவார். கரண்டிப் பால் கொதித்துப் பொங்கினால் சரி. ஓரத்தில் திட்டுத் திட்டாகத் திரைந்தால் அந்தப் பால் காப்பிக்கு ஆகாது என்று முடிவு. புதுப் பாலோடு கலக்கவும் விடமாட்டார், கலந்தால் இரண்டும் போகும்.

அதே மாதிரி கரண்டிக் காம்பால் அந்த வெள்ளைப் பொருக்கைக் கொஞ்சம் சுரண்டி, டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டார். அரை நிமிடத்தில் காணாமல் போனது. தண்ணீர் தெளிவாக இருந்தது, மேலே லேசாக எண்ணெய்ப் பொட்டு மட்டும். இன்னொரு பொருக்கை விரலிடுக்கில் வைத்து நசுக்கினேன், நறநறவென்றது. உப்பு. கிளறும்போது கழுத்தில் பட்ட உப்புச்சாறு காய்ந்து படிந்திருக்கிறது, துணியில் ஏறிய ஈரமும் அப்படியே காய்ந்திருக்கிறது. உள்ளே எண்ணெய் மட்டத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஈரமில்லாத துணியால் கழுத்தைத் துடைத்து, வேடுத் துணியை மாற்றினோம். அவ்வளவுதான்.

நான் தவறியது இதற்கு அடுத்த கட்டத்தில். ஐப்பசி அடைமழை தொடங்கி ஒரு வாரத்தில் என் வீட்டு அகல ஜாடியிலும் வெள்ளை தெரிந்தது. ஆயா வீட்டில் பார்த்த நிம்மதியிலேயே "இதுவும் உப்புதான்" என்று நினைத்துவிட்டேன். எடுத்துக் கரைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், ஏனென்றால் இது ஜாடிக் கழுத்தில் இல்லை. எண்ணெய்க்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்த துண்டுகளின் மேலும், துண்டுகளுக்கு இடையில் தேங்கிய சாற்றின் மேலும் இருந்தது. உப்பு காய்ந்த இடத்தில்தான் படியும், இது ஈரமான இடத்தில் படர்ந்திருந்தது. பொருக்காகவும் இல்லை. பால் ஆறும்போது மேலே ஏடு கட்டுமே, அந்த மாதிரி மங்கிய வெள்ளையில் சுருக்கம் விழுந்த மெல்லிய ஆடை.

நான்கைந்து நாள் கழித்துத்தான் உறுத்தி, ஒரு டீஸ்பூன் ஆடையை எடுத்து வெந்நீரில் போட்டேன். கரையவில்லை. கிழிந்த துணுக்குகளாக மிதந்தது, கலக்கினால் தண்ணீர் கலங்கியது. கலங்கிய தண்ணீரில் லேசாகக் கள் வாடை. நாள்பட்ட மாவிலிருந்து வருமே, புளிப்போடு கொஞ்சம் இனிப்பு கலந்த வாடை, அது. இது ஈஸ்ட் வகை நுண்ணுயிர் கட்டும் ஆடை. தோசை மாவுக்குப் பல நாள் ஆகும்போது மேலே சில சமயம் கட்டுவதும் இதே வகைதான்.

இந்த ஆடை நேரடியாக விஷம் இல்லை என்பது உண்மை. அதைப் படித்து வைத்திருந்ததே எனக்கு இரண்டாவது தவறான திருப்பமாகிப் போனது. ஆடையை வழித்து எறிந்தேன், மேல் துண்டுகள் பத்துப் பன்னிரண்டை எடுத்துப் போட்டேன், மழை விட்ட ஒரு நாள் வெயிலில் வைத்தேன், ஊறுகாயைச் சாப்பிடவும் செய்தோம். நான் யோசிக்காதது ஒன்று. இந்த ஈஸ்ட் தின்பது ஊறுகாயின் புளிப்பை. மாங்காயின் புளிப்பும் உப்பும் சேர்ந்துதான் மற்றக் கிருமிகளை உள்ளே விடாமல் தடுக்கின்றன. ஆடை கட்டக் கட்ட மேல்மட்டத்தில் புளிப்பு குறைகிறது. புளிப்பு குறைந்த இடத்தில் பூசணம் வந்து உட்கார்கிறது. ஆகவே ஆடை என்பது இங்கே காவல் தளர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம். அதை வழித்தெடுப்பதால் தளர்ந்த காவல் திரும்பி வருவதில்லை.

பன்னிரண்டு நாளில் ஆடை மறுபடி வந்தது. இந்தத் தடவை தினமும் முகர்ந்து பார்த்தேன். ஜாடி வாயில் மூக்கை வைத்தால் கடுகு நெடி, பெருங்காயம், நல்லெண்ணெய், அவ்வளவுதான். நன்றாகத்தானே இருக்கிறது என்று மூன்று நாள் என்னையே நான் ஏமாற்றிக்கொண்டேன். ஆயா வந்திருந்தபோதுதான் சரியான முறையைக் காட்டினார்.

"ஜாடியை மோந்தா பொடி வாடைதான் வரும் ஆத்தா. காயை மோந்து பாரு" என்றார்.

நடுவிலிருந்து ஒரு துண்டு, மேலிருந்து ஒரு துண்டு எடுத்து இரண்டு தட்டில் வைத்தார். கொதித்து ஆறிய தண்ணீர் விட்டு, இரண்டின் மேலும் ஒட்டியிருந்த பொடியையும் எண்ணெயையும் கழுவினார். ஐந்து நிமிடம் காற்றாட வைத்தார். அப்புறம் என்னை முகரச் சொன்னார். நடுத்துண்டில் புளித்த மாங்காய் மணம், நாக்கில் எச்சில் ஊறும் மணம். மேல்துண்டில் மழையில் நனைந்த சாக்கைச் சுருட்டி வைத்த வாடை. அடைத்துக் கிடந்த அறையைத் திறந்தால் வருவது. அதில் புளிப்பே இல்லை. தொட்டால் நடுத்துண்டின் சதை அழுத்தத்துக்கு எதிர்த்து நின்றது, தோல் விறைப்பாக இருந்தது. மேல்துண்டு வழுவழுவென்று நழுவியது, ஓட்டிலிருந்து சதை தானாகக் கழன்று வந்தது.

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது அந்தத் துண்டின் ஓட்டுப் பக்கத்தில் நீலமும் பச்சையும் கலந்த ஒரு பொட்டு, மிளகு அளவு. கிட்டத்தில் பார்த்தால் பொட்டின் விளிம்பில் வெல்வெட்டுத் துணி மாதிரி நுண்ணிய மயிர் நிற்கிறது. ஆடையில் மயிர் கிடையாது, அது தட்டையாகக் கிடக்கும். உப்பில் மயிரும் கிடையாது, நிறமும் கிடையாது. மயிர் நின்றால், பச்சை, நீலம், கறுப்பு, ரோஜா நிறம் எது தெரிந்தாலும், அது பூசணம் என்றுதான் கொள்ள வேண்டும். அதை மட்டும் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இழுத்து முகரக் கூடாது, பூசணப் பொடி உள்ளே போகும்.

கறுப்பு என்று சொன்னதால் ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊறுகாயின் மேல்பரப்பு நாளாக நாளாகச் சிவப்பு மங்கிக் கருஞ்சிவப்பாக மாறும். மிளகாய்ப்பொடி காற்றுப் பட்டு நிறம் மாறுவது அது, கெட்டுப்போனதில்லை. பரப்பு முழுக்க ஒரே சீராக இருக்கும், கிளறினால் கீழே நல்ல சிவப்பு தெரியும். பூசணம் சீராக வராது, பொட்டுப் பொட்டாகத்தான் தொடங்கும். எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் தனி விஷயம். பழைய வார்னிஷ் மாதிரி நெடியும், தொண்டையில் காறலும் இருக்கும். அது எண்ணெய் பழசானதால் வருவது. அதைச் சாப்பிட வேண்டாம்தான், ஆனால் காய் அழுகியதாக அர்த்தம் இல்லை.

மேலே இருப்பதை எடுத்துவிட்டுக் கீழே நன்றாக இருப்பதைக் காப்பாற்ற முடியாதா என்று அன்று மாலை வரை ஆயாவோடு வாதாடினேன். 600 ரூபாய்ச் சரக்கு. வெயிலில் வைக்கலாமா, வாணலியில் ஏற்றிக் கிளறலாமா? ஆயா சொன்னது, "தேங்காய்ல ஒரு ஓரத்துல பூத்தா சுரண்டிட்டுப் பயன்படுத்துற ஆளு நான் இல்லை." பூசணத்தின் கண்ணுக்குத் தெரிகிற பகுதி மேலே நிற்பது மட்டுமே. அதன் இழைகள் ஊறிய சதைக்குள்ளும் சாற்றுக்குள்ளும் இறங்கியிருக்கும். சில பூசணங்கள் விடுகிற நச்சு வெயிலிலோ அடுப்புச் சூட்டிலோ முழுதாக அழியாது. தினமும் ஸ்பூன் போட்டுக் கிளறிய ஜாடியில் மேல் எது, கீழ் எது என்று பிரிக்கவும் முடியாது. எந்தப் பூசணம் என்று வீட்டில் கண்டறிய வழியில்லாதபோது புதைப்பதுதான் சரி. மாட்டுக்கும் போடவில்லை. இத்தனை நாள் சாப்பிட்டதில் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது எங்கள் நல்ல நேரம்.

இப்போது உப்புக்கு வருகிறேன். புதைத்த மறுநாள் தராசு ஒன்று வாங்கினேன், 450 ரூபாய், ஒரு கிராம் வரை காட்டும். வைகாசியில் அளந்த அதே ஆழாக்கில் கல் உப்பை அளந்து நிறுத்தேன், 160 கிராம். அதே உப்பை வாணலியில் ஈரம் போக வறுத்து, இடித்து, அதே ஆழாக்கில் அளந்தேன், 200 கிராம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் காற்று 40 கிராம் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆயாவிடம் சொன்னபோது, "நான் இடிச்ச உப்பைத்தானே சொன்னேன், யாராச்சும் கல்லா அளப்பாகளா?" என்று அவருக்கு ஆச்சரியம். அவர் கணக்கில் ஐந்து கிலோவுக்கு 800 கிராம். நான் போட்டது 640. நூற்றுக்குப் பதினாறு விழ வேண்டிய இடத்தில் பதின்மூன்றுகூட விழவில்லை.

ஆனால் உப்புக் குறைவு மட்டும் காரணமாக இருந்தால் இரண்டு ஜாடியும் கெட்டிருக்க வேண்டும். உயரமான ஜாடியிலும் அதே குறைவான உப்புதான். அதனால் வேறுபாடு எங்கே என்று தேடினேன். விட்டம் ஐந்தரை அங்குலத்திலிருந்து எட்டு அங்குலமாகும்போது மேல்பரப்பு இரட்டிப்புக்கும் மேலே போகிறது. ஒரே அளவு எண்ணெய் விட்டால் அகல ஜாடியில் எண்ணெய் உயரம் பாதிகூட நிற்காது. வைகாசியில் உயர ஜாடியில் ஒன்றரை விரலும் அகல ஜாடியில் முக்கால் விரலுக்குக் குறைவாகவும் நின்றது. மாங்காய் ஒரு மாதத்தில் எண்ணெயைக் குடித்த பிறகு உயர ஜாடியில் அரை விரல் மிஞ்சியது. அகல ஜாடியில் துண்டுகள் வெளியே வந்துவிட்டன. ஆடையும் பூசணமும் காற்று இருக்கும் இடத்தில்தான் வளரும். அதன்மேல் தினமும் திறந்தது, மழைக்காலத்து ஈரக் காற்று, அவசரத்தில் துடைக்காமல் போட்ட ஸ்பூன். உப்பு சரியாக இருந்திருந்தால் இதையெல்லாம் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். உப்பும் குறைந்து எண்ணெயும் குறைந்தபோது தாங்கவில்லை.

உயரமான ஜாடியைக் கார்த்திகையிலேயே சரிசெய்தோம். முதலில் மேலிருந்தும் நடுவிலிருந்தும் துண்டெடுத்துக் கழுவி முகர்ந்தோம், இரண்டும் நல்ல புளிப்பு மணம். குமிழியோ நுரையோ இல்லை. குறைந்த 80 கிராம் உப்பை வறுத்து இடித்துச் சேர்த்து, காய்ந்த மரக்கரண்டியால் அடிவரை கிளறினோம். 250 மில்லி நல்லெண்ணெயைக் காய்ச்சி முழுதாக ஆறவைத்து மேலே விட்டோம். கிளறும்போது கழுத்தில் பட்டதைத் துடைத்துவிட்டு வேடு கட்டினோம்.

மூக்கை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில் எனக்கு ஒரு மாற்றம் வந்திருக்கிறது. பாலில் மூக்கும் கரண்டியும் போதும். மாவில் கண்ணும் வேண்டும், ரோஜா நிறக் கோடோ கறுப்புப் பொட்டோ தெரிந்தால் வாடை நன்றாக இருந்தாலும் கொட்டுகிறேன். சோற்றில் மூக்கு உதவவே உதவாது. மதியம் வடித்த சோறு இந்த ஊர் வெக்கையில் இரவு வரை வெளியே கிடந்தால், ஒரு வாடையும் இல்லாமலேயே அதில் ஒரு வகை பாக்டீரியா பெருகி நஞ்சு விட்டிருக்கலாம், திரும்பச் சூடு செய்தாலும் அந்த நஞ்சு போகாது. அதற்குக் கடிகாரம்தான் அளவு. மிஞ்சும் என்று தெரிந்தால் ஆறியதும் ஃபிரிஜ்ஜில் வைத்துவிடுகிறேன்.

வரும் சித்திரைக்கு நான் செய்யப்போவது: உப்பை நிறுத்துப் போடுவேன், கிலோ துண்டுக்கு 160 கிராம். அகல ஜாடியை உப்புக்கண்டம், வற்றல் மாதிரி காய்ந்த சரக்குக்கு ஒதுக்கிவிட்டேன். கழுவி நான்கு நாள் வெயிலில் காய்ந்து கிடக்கிறது. தினப்படிக்கு அரைக் கிலோ கண்ணாடிப் பாட்டில் ஒன்று, அதில் தீர்ந்த பிறகுதான் பெரிய ஜாடியைத் திறப்பது. ஒன்றாம் மாதம் முடிந்ததும் எண்ணெய் மட்டத்தை விரல் வைத்துப் பார்த்து, அரை விரலுக்குக் கீழே போயிருந்தால் காய்ச்சி ஆற்றி விடுவது. ஐப்பசி பிறப்பதற்கு முன் இன்னொரு தடவை.

போன வாரம் ஆயா வீட்டுக்குப் போனபோது உயரமான ஜாடியின் கழுத்தில் மறுபடி வெள்ளைப் பொருக்கு. நான் கேட்பதற்குள் ஆயா டம்ளரில் வெந்நீர் எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். சுரண்டிப் போட்டேன். கரைந்தது.